பட்டறை கம்பெனியாகும்போது முதலாளியின் மூலதனம் எங்கே போகிறது?

தனி ஒருவர் பெயரில் நடக்கும் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றுவது என்று எல்லாரும் சொல்கிறோம். கம்பெனிச் சட்டத்தில் அப்படி ஒரு மாற்றம் கிடையாது. கூட்டாண்மை நிறுவனத்தையும் எல்.எல்.பி.யையும் அப்படியே கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 366ஆம் பிரிவு வழி விடுகிறது. தனியுரிமைத் தொழிலுக்கு அந்த வழி இல்லை. சட்டத்தின் கண்ணில் பட்டறை வேறு, முதலாளி வேறு அல்ல என்பதே காரணம். பட்டறையின் பான் எண் முதலாளியின் பான் எண்தான். பட்டறை வாங்கிய கடன் அவர் வாங்கிய கடன்தான்.

ஆகவே உண்மையில் நடப்பது ஒரு கைமாற்றம். முதலில் ஒரு புதிய கம்பெனி பிறக்கிறது. பிறகு முதலாளி தன் தொழிலை, அதன் சொத்துகளோடும் கடன்களோடும் சேர்த்து, அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிறார். கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் அவர் கையிலேயே இருந்தாலும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். இதை மனதில் வாங்கிக்கொள்ளாமல் கணக்கை மாற்றுபவர்கள்தான் வரியிலும் வங்கியிலும் பின்னாளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வாடகை இடம், 14 தொழிலாளர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் கம்பெனியாக நடத்துவதென்று முடிவு. மார்ச் 31 அன்று முதலாளியின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் மொத்தம் 92 லட்சம். எதிர்ப்பக்கத்தில் இயந்திரக் கடன் 18 லட்சம், சி.சி. கணக்கில் 12 லட்சம், சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது 14 லட்சம், சம்பளம், வரி போன்ற பாக்கிகள் 2 லட்சம். மீதி 46 லட்சம் முதலாளியின் மூலதனம்.

இந்த 46 லட்சத்தை அப்படியே கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. சொத்துப் பக்கத்தை வரிவரியாகப் பார்த்தால் ஏன் என்று தெரியும். இயந்திரங்கள் 34 லட்சம், சரக்கு 16 லட்சம், வாடிக்கையாளர்களிடம் வரவேண்டியது 24 லட்சம், ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு 1.80 லட்சம், வாடகை அட்வான்ஸும் மின் இணைப்பு டெபாசிட்டும் 3.20 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 1 லட்சம். இவை 80 லட்சம். மிச்சமிருக்கும் 12 லட்சத்தில் வீட்டு மனைக்குக் கொடுத்த முன்பணம் 8 லட்சம் இருக்கிறது. எல்ஐசி பாலிசி 1.50 லட்சம். முதலாளி கட்டிய முன்கூட்டிய வருமான வரியும் டிடிஎஸ்ஸும் 2.50 லட்சம்.

தனியுரிமைக் கணக்குகளில் வீடும் தொழிலும் இப்படிக் கலந்து கிடப்பது சாதாரணம். மனையும் எல்ஐசியும் குடும்பத்துக்கு உரியவை. கட்டிய வருமான வரி முதலாளியின் பான் எண்ணில் நிற்பது. அது அவருடைய வரிப் படிவத்தில்தான் ஈடாகும், கம்பெனிக்கு அதில் உரிமை இல்லை. இவற்றை மார்ச் 31க்குள் மூலதனக் கணக்கில் பற்று எழுதி வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் மூலதனம் 34 லட்சம்.

இன்னும் ஒன்று பாக்கி. 14 பேர் வேலை செய்யும் இடத்தில் கிராஜுவிட்டி பொறுப்பு உண்டு. முதலாளியின் புத்தகத்தில் அது எழுதப்படவே இல்லை. பெரும்பாலான பட்டறைகளில் ஆள் விலகும்போதுதான் அதைப் பற்றிய பேச்சே எழும். கணக்கு எளிதானது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,800 ரூபாய் வாங்கும் டர்னர் பத்து ஆண்டு வேலை செய்திருக்கிறார் என்றால், 20,800ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 12,000. பத்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். கம்பெனி இவர்களைத் தொடர் பணியாளர்களாக ஏற்றுக்கொள்ளும்போது பழைய ஆண்டுகளின் பொறுப்பும் கூடவே வருகிறது. எல்லாருக்கும் சேர்த்து 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், முதலாளி உண்மையில் கைமாற்றும் நிகர மதிப்பு 30 லட்சம். தொடக்கக் கணக்கு முழுவதும் இந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கப்போகிறது.

இந்த 30 லட்சத்துக்குக் கம்பெனி முதலாளிக்கு என்ன கொடுக்கிறது? எல்லாத் தவறுகளிலும் விலை கூடிய தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. "ஏனுங்க சார், அது என்னோட பணந்தானுங்களே? அஞ்சு லட்சத்தைப் பங்கா வெச்சுட்டு மீதியை டைரக்டர் கடன்னு எழுதிட்டா, வேணுங்கறப்ப எடுத்துக்கலாமில்லீங்களா?" என்று முதலாளி கேட்பார். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். கணக்கெழுதுபவரும் தலையாட்டிவிட்டு அப்படியே எழுதிவிடுவார். அந்த ஒரு பதிவில் வரிவிலக்கு போய்விடும்.

தொழிலைக் கைமாற்றுவதில் மூலதன ஆதாயம் எழலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, 14ஆம் உட்பிரிவு அதற்கு விலக்குத் தருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் இப்போது செய்பவர்கள் புதிய பிரிவு எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பட்டறை மாறிய நாளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். நிபந்தனைகள் மூன்று. தொழிலுக்கு உரிய எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் கம்பெனிக்குப் போக வேண்டும். முதலாளியிடம் வாக்குரிமையில் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அது ஐந்து ஆண்டு தொடர வேண்டும். மூன்றாவது நிபந்தனை, கம்பெனியின் பங்குகளைத் தவிர வேறு எந்தப் பலனையும், நேராகவோ சுற்றுவழியிலோ, முதலாளி பெறக் கூடாது.

கடனாக எழுதிய 25 லட்சம் பங்கு அல்ல. கம்பெனி அவருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்ட பணம் அது. மூன்றாவது நிபந்தனை அங்கேயே உடைகிறது. ஆகவே 30 லட்சம் முழுவதும் பங்காக வேண்டும். அதன்பின் முதலாளி இயக்குநராக வேலை பார்த்து மாதச் சம்பளம் வாங்குவதில் தடையில்லை, அது வேலைக்கான ஊதியம். கையில் ரொக்கம் வேண்டும், கடனாகத்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் தொழிலை மொத்த விலைக்கு விற்கும் வழியில் போகலாம். ஆனால் 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு அங்கே ஏட்டு மதிப்பு விலையைப் போட்டுத் தப்ப முடியாது. விதிப்படி கணக்கிட்ட சந்தை மதிப்பை விற்பனை விலையாகக் கொண்டு வரி போடுவார்கள்.

இரண்டாவது நிபந்தனையும் குடும்பங்களில் எதிர்பாராமல் உடைவது உண்டு. நம் முதலாளி 2030 மார்ச் 31 வரை பாதிக்குக் குறையாமல் தன் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும். மகன் படிப்பை முடித்து வந்துவிட்டான் என்று 2028இல் 60 விழுக்காட்டை அவன் பெயருக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுத்தால், சொத்து வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்ற சமாதானம் செல்லாது. சட்டம் பார்ப்பது முதலாளி என்ற தனி மனிதரின் பங்கை. அப்படி உடைந்தால், முன்பு விலக்குப் பெற்ற ஆதாயம் உடைந்த ஆண்டின் வருமானமாகக் கம்பெனியின் தலையில் விழும். 60க்குப் பதிலாக 45 விழுக்காடு கொடுத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

இனி வரிசைக்கு வருவோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். நம் முதலாளியும் மனைவியும் சேர்ந்து பிப்ரவரியில் 1 லட்சம் ரூபாய் முதலோடு கம்பெனியைப் பதிவு செய்கிறார்கள். பத்து ரூபாய்ப் பங்கு 9,000 அவருக்கு, 1,000 மனைவிக்கு. கம்பெனியின் நோக்க விதியில் இன்ன பட்டறையை எடுத்து நடத்துவது என்பதையும் எழுதிவிடுவது நல்லது. இந்த 1 லட்சம் கம்பெனியின் வங்கிக் கணக்கில் உண்மையாகவே வந்து சேர்ந்து, INC-20A படிவம் தாக்கலான பிறகுதான் தொழில் தொடங்கலாம். அதைச் செய்யாமல் ஏப்ரல் 1 அன்று பில் போட ஆரம்பித்துவிடுவது அடிக்கடி கண்ணில் படும் மீறல்.

பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், முதலாளிக்கும் கம்பெனிக்கும் இடையே தொழில் மாற்ற ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் தொழில் 'நடந்துகொண்டிருக்கும் நிலையில், முழுவதுமாக' மாற்றப்படுகிறது என்றும், கடன்களையும் பொறுப்புகளையும் கம்பெனி ஏற்கிறது என்றும் தெளிவாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி இந்த வாசகத்தைத்தான் தேடும். நடக்கும் தொழிலை முழுதாக மாற்றுவதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைவிட்டு லேத்துக்கு ஒரு பில், சரக்குக்கு ஒரு பில் என்று முதலாளி கம்பெனிக்குப் பில் போட்டால் அது சாதாரண விற்பனையாகிவிடும், வரியும் கட்ட வேண்டியிருக்கும். கடைசியாக, 3,00,000 பங்குகளை முதலாளிக்கு ஒதுக்கி 15 நாளுக்குள் PAS-3 தாக்கல் செய்ய வேண்டும். இப்போது மொத்தப் பங்குகள் 3,10,000. முதலாளியிடம் 3,09,000.

அடுத்து, கணக்கெழுதும் மேசை. பெரும்பாலோர் டேலியில் பழைய கணக்கை நகலெடுத்து, பெயரையும் பான் எண்ணையும் மாற்றிவிட்டு, மார்ச் 31 இருப்புகளைத் தொடக்க இருப்பு என்ற கட்டத்தில் தட்டிவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் அப்படிச் செய்தால் முதலாளியின் மூலதனத்துக்குக் கம்பெனியில் இடமே இருக்காது. அதைத் தவிர்த்துவிட்டு மற்றதைத் தட்டினால் இருப்புநிலைக் குறிப்பில் `Difference in opening balances` என்று 30 லட்சத்துக்கு ஒரு வரி வந்து நிற்கும். அந்த வரியை மறைப்பதற்காகத்தான் பல இடங்களில் 'டைரக்டர் கடன்' பிறக்கிறது.

கம்பெனி பிறந்தது பிப்ரவரியில். அன்று அதற்குத் தொடக்க இருப்பு சுழியம். மார்ச் 31 அன்று அதனிடம் இருந்தது பங்குதாரர்கள் போட்ட 1 லட்சமும் பதிவுச் செலவும்தான். தொழிலை வாங்கியது ஏப்ரல் 1 அன்று நடந்த ஒரு பரிவர்த்தனை. ஆகவே அது தேதியும் விளக்கமும் உள்ள ஜர்னல் பதிவாகத்தான் ஏற வேண்டும். பற்றில் இயந்திரம், சரக்கு, வரவேண்டியவை, ஜிஎஸ்டி வரவு, டெபாசிட், ரொக்கம் என 80 லட்சம். வரவில் இரண்டு வங்கிக் கடன்கள், தரவேண்டியவை, கிராஜுவிட்டி உட்பட 50 லட்சம். மீதி 30 லட்சம் 'தொழில் வாங்கிய விலை' என்ற இடைக்கணக்கில் வரவு. பங்கு ஒதுக்கிய நாளில் அந்த இடைக்கணக்கு பற்றாகி, பங்கு மூலதனம் வரவாகும். இடைக்கணக்கு சுழியமாகிவிட்டதா என்று பாருங்கள். பங்கு ஒதுக்காமல் மாதக்கணக்கில் அந்த 30 லட்சம் தொங்கிக்கொண்டிருந்தால், பார்க்கிற அதிகாரிக்கு அதுவும் கடனாகவே தெரியும்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாமல் வைத்திருக்கும் மென்பொருளில்தான் கணக்கெழுத வேண்டும். தனியுரிமைத் தொழிலுக்கு இந்தக் கட்டாயம் இல்லாததால், ஆண்டுக் கடைசியில் ஆடிட்டர் மேசையில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம் என்ற பழக்கம் பலரிடம் உண்டு. புதிய கணக்கில் ஒவ்வொரு திருத்தமும் தடம் விடும். முதல் பதிவைத் திருத்தாமல் எழுதுவது அதனாலும் முக்கியம்.

தொகைகளை மொத்தமாக ஏற்றுவதும் போதாது. வரவேண்டிய 24 லட்சம் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும், பழைய பில் எண்ணோடும் தேதியோடும் தனித்தனியாக ஏற வேண்டும். வாடிக்கையாளர் ஜூன் மாதம் பணம் அனுப்பும்போது பழைய பில் எண்ணைச் சொல்லித்தான் அனுப்புவார், பழைய வங்கிக் கணக்குக்கே அனுப்புவார். அது கம்பெனியின் பணம், உடனே கம்பெனிக் கணக்குக்கு மாற வேண்டும். பில்வாரிப் பட்டியல் இல்லாவிட்டால் எது வந்தது, எது நிற்கிறது என்று ஆறு மாதத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இயந்திரங்களின் 34 லட்சத்தில் ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். சந்தையில் 60 லட்சம் பெறுமே, அப்படியே ஏற்றினால் தேய்மானம் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். வருமான வரிக்கு அது எடுபடாது. வரித் தேய்மானம், முதலாளியிடம் கழிந்தது போக நின்ற 34 லட்சத்திலிருந்துதான் தொடரும். 15 விழுக்காட்டில் முதல் ஆண்டுக்கு 5.10 லட்சம். ஏட்டில் மட்டும் ஏற்றினால் இரண்டு கணக்குக்கும் இடையே ஆண்டுதோறும் வித்தியாசத்தைச் சுமக்க வேண்டும். ஏட்டு மதிப்பிலேயே எடுத்துக்கொள்வதுதான் சிறு தொழிலுக்கு நல்லது என்பது என் முடிவு. கம்பெனிச் சட்டத்தின்படி தேய்மானம் இயந்திரத்தின் ஆயுளை வைத்துப் போடுவதால், எட்டு ஆண்டு ஓடிய லேத்துக்குப் புதிய லேத்தின் ஆயுளைக் கொடுத்துவிடாமல் மிச்ச ஆயுளை மட்டும் கணக்கிட வேண்டும். ஆண்டின் நடுவில் மாறுபவர்கள் அந்த ஆண்டு வரித் தேய்மானத்தை நாள் கணக்கில் இரண்டு பேருக்கும் பிரிக்க வேண்டும். ஏப்ரல் 1ஐத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தலைவலி இல்லை.

ஏட்டில் பதிந்தால் மட்டும் சொத்து மாறிவிடாது. லேத் போன்ற அசையும் பொருள் ஒப்பந்தத்தோடு ஒப்படைத்தாலே மாறும். டெம்போவின் ஆர்.சி., மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் ஆகியவை பெயர் மாற வேண்டும். காப்பீட்டைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இயந்திரங்கள் கம்பெனிக்குச் சொந்தமாகி, தீக்காப்பீட்டு பாலிசி மட்டும் முதலாளி பெயரில் இருக்கும்போது விபத்து நடந்தால், இல்லாத சொத்துக்கு அவர் இழப்பீடு கேட்பதாகிவிடும். ஏப்ரல் 1 அன்றே பாலிசி கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். வங்கிக் கடனும் அப்படித்தான். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டு கம்பெனி பெயரில் புதிய ஒப்புதல் தரும்வரை அந்த 30 லட்சத்துக்குச் சட்டப்படி பொறுப்பு முதலாளிதான், கம்பெனி ஏட்டில் என்ன எழுதியிருந்தாலும். வங்கியின் பதில் வர மாதங்கள் ஆகலாம். ஆகவே கம்பெனியைப் பதிவு செய்யும்போதே மேலாளரிடம் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

நம் பட்டறை வாடகை இடத்தில் நடப்பது அதிர்ஷ்டம். சொந்த இடமும் கட்டடமும் தொழில் ஏட்டில் இருந்திருந்தால், 'எல்லாச் சொத்தும்' என்ற நிபந்தனைப்படி அதுவும் கம்பெனிக்குப் போக வேண்டும். வருமான வரி விலக்கு பத்திரப் பதிவுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் என்றால் 5.40 லட்சம் ரூபாய். இந்த ஒரு செலவைப் பார்த்தே கம்பெனி யோசனையைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முடிவு தவறு என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் மிஞ்சுவது 1.80 லட்சம் ஜிஎஸ்டி வரவு. கம்பெனிக்குப் பான் எண் புதிது, ஆகவே ஜிஎஸ்டி எண்ணும் புதிது. வரவு தானாக அங்கே போகாது. பழைய எண்ணில் நுழைந்து ITC-02 படிவத்தைத் தாக்கல் செய்து, பொறுப்புகளும் சேர்ந்தே மாறியிருக்கின்றன என்ற பட்டயக் கணக்காளர் சான்றிதழை இணைக்க வேண்டும். பிறகு கம்பெனி தன் எண்ணில் நுழைந்து அதை ஏற்க வேண்டும். மார்ச் மாத GSTR-3B முடிந்து கடைசி இருப்பு தெரிந்த பிறகு இதைச் செய்வது சரி. அவசரப்பட்டுப் பழைய எண்ணை முதலில் ரத்து செய்துவிட்டால், வரவை மாற்றித் தரும் வாசலே அடைபட்டுப்போகும். மின்னணு ரொக்கப் பேரேட்டில் பணம் நின்றால் அது ITC-02இல் மாறாது, தனியாகத் திருப்பிக் கேட்க வேண்டும்.

பழைய எண்ணைச் சில வாரம் உயிரோடு வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. மார்ச் மாதம் அனுப்பிய வார்ப்புகளில் பத்து சரியில்லை என்று வாடிக்கையாளர் ஏப்ரலில் திருப்பி அனுப்பலாம். அந்தப் பில் பழைய எண்ணில் போட்டது. அதற்குரிய கிரெடிட் நோட்டையும் பழைய எண்ணில்தான் போட முடியும். இப்படிப்பட்டவை ஓய்ந்து, ITC-02 ஏற்கப்பட்ட பிறகு ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். முதலாளி மார்ச் 31 வரையிலான லாபத்துக்குத் தன் பெயரில் வருமான வரிப் படிவம் போடுகிறார். ஏட்டிலிருந்து வெளியே எடுத்துவைத்த அந்த 2.50 லட்சம் வரி அங்கே ஈடாகும், மிஞ்சினால் அவருடைய சேமிப்புக் கணக்குக்குத் திரும்பி வரும்.